ஹைதராபாத் என்கவுன்டர்: விடியற்காலை ‘ரெக்கவரி’யில் நடந்தது என்ன?

கேள்வி: 2019-இல் ஹைதராபாத்தில் கால்நடை டாக்டரைக் கொன்ற நாலு பேரையும் போலீஸ் சுட்டதும் ஊரே பூப் போட்டுக் கொண்டாடியது. கோர்ட்டுக்குப் போயிருந்தால் பத்து வருஷம் இழுத்திருக்கும். அப்புறம் எதற்கு அந்தப் போலீஸ்காரர்கள் மேல் கொலை வழக்குப் போடணும் என்கிறார்கள்? செத்தவர்கள் குற்றவாளிகள்தானே?

முதலில் என் சார்பைச் சொல்லிவிடுகிறேன். நான் பல வருடங்களாக மாவட்ட நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டவர், கோர்ட் பேச்சில் சொன்னால் ‘எதிரி’, தரப்பில்தான் ஆஜராகிறேன். அதனால் போலீஸ் எழுதும் கதையைச் சந்தேகத்தோடு படிப்பது எனக்குத் தொழிலாகவே ஆகிவிட்டது. இந்த ஹைதராபாத் வழக்கில் எனக்கு நேரடித் தொடர்பு எதுவும் கிடையாது. பொதுவெளிக்கு வந்துவிட்ட விஷயங்களையும், இதுபோன்ற கோப்புகளைப் பார்த்துப் பழகிய அனுபவத்தையும் வைத்து எழுதுகிறேன்.

யாரும் மறுக்காத விஷயங்களிலிருந்து தொடங்கலாம். 2019 நவம்பர் 27 இரவு, ஷம்ஷாபாத் பக்கத்தில் ஒரு டோல்கேட் அருகே அந்தப் பெண் காணாமல் போனார். மறுநாள் காலை, ஷாத்நகரை அடுத்த சட்டன்பள்ளியில் ஒரு பாலத்துக்கு அடியில் எரிந்த நிலையில் உடல் கிடைத்தது. லாரித் தொழிலாளர்கள் நான்கு பேர் 29-ஆம் தேதி கைதானார்கள். ஷாத்நகர் போலீஸ் ஸ்டேஷனைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கூட்டம். நாடாளுமன்றத்திலேயே ஒரு உறுப்பினர் எழுந்து இவர்களைப் பொதுமக்கள் நடுவில் அடித்துக் கொல்ல வேண்டும் என்கிற அளவுக்குப் பேசினார். டிசம்பர் 6 விடியற்காலை, போலீஸ் காவலில் இருந்த நான்கு பேரும் சட்டன்பள்ளிக்குக் கூட்டிச் செல்லப்பட்டு அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கைதான நாளிலிருந்து எண்ணினால் ஒரு வாரம். குற்றப்பத்திரிகை கூடத் தாக்கல் ஆகவில்லை.

அவர்களை ஏன் அங்கே கூட்டிப்போனார்கள்? இறந்துபோன பெண்ணின் செல்போன் உள்ளிட்ட பொருள்களை மீட்க என்றது போலீஸ். கோர்ட் பக்கம் நாங்கள் இதை ‘ரெக்கவரி’ என்போம். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. இந்தியச் சாட்சியச் சட்டம் 1872-லேயே அப்படித்தான் சொன்னது. அடித்து வாங்கியிருப்பார்கள் என்பது அன்றைய வெள்ளைக்கார அரசுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. எதிரி சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அந்தத் தகவல் மட்டும் சாட்சியமாகும். இதுதான் பழைய 27-ஆவது பிரிவு. நம் ஊர்க் கோப்புகளில் எந்த வாக்குமூலத்தைப் புரட்டினாலும் கடைசி வரி ஒரே மாதிரி இருக்கும்: “என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்துள்ள இடத்தைக் காட்டி எடுத்து ஆஜர் செய்கிறேன்.” அப்புறம் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள், மகஜர் எழுதப்படும், புதரிலிருந்து அரிவாள் வெளியே வரும்.

என்கவுன்டர் கதைகளில் பெரும்பாதி இந்தப் பயணத்தில்தான் நடக்கின்றன என்பதைக் கவனித்திருப்பீர்கள். 2008 டிசம்பரில் வாரங்கல்லில் ஆசிட் வீசிய வழக்கில் கைதான மூன்று பேர் இறந்ததும் இப்படித்தான். 2024 ஜூலையில் சென்னையில், ஒரு கட்சித் தலைவர் கொலையில் கைதானவர் மாதவரம் பக்கம் சுடப்பட்டபோதும் ஆயுதத்தை மீட்க அதிகாலையில் கூட்டிப்போனதாகத்தான் சொன்னார்கள். சட்டம் அனுமதிக்கிற ஒரு காரணம் கையில் இருக்கிறது, ஊர் விழித்திருக்காது, அங்கே இருப்பவர்கள் எல்லாரும் போலீஸ்காரர்கள். அதனால் எல்லா ரெக்கவரி என்கவுன்டரும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். போலீஸ்காரரை நிஜமாகவே வெட்டிவிட்டு ஓடப் பார்த்த எதிரிகள் உண்டு. ஆனால் எது நிஜம், எது ஜோடனை என்பதை அங்கே இருந்தவர்களின் வாயிலிருந்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

ஹைதராபாத்தில் போலீஸ் சொன்னது இது. நான்கு பேரும் கல்லையும் கட்டையையும் எடுத்துத் தாக்கினார்கள். இரண்டு பேர் போலீஸாரின் துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார்கள். சரணடையச் சொல்லியும் கேட்காததால் பதிலுக்குச் சுட்டோம். போலீஸில் இரண்டு பேருக்குக் காயம். அன்றே பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது, அன்றே பூ மழையும் பெய்தது. வழக்கமாகக் கதை அதோடு முடிந்திருக்கும். இந்த முறை முடியாததற்குக் காரணம், அன்று மாலையே தெலங்கானா உயர் நீதிமன்றம் உடல்களைப் பாதுகாத்து வைக்கச் சொன்னதுதான். பிறகு டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வந்து இரண்டாவது பிரேதப் பரிசோதனை செய்தார்கள். டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற்ற நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் மூன்று பேர் கமிஷனை அமைத்தது. மற்ற இருவர், பாம்பே உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி ரேகா பல்தோட்டாவும் சிபிஐ முன்னாள் இயக்குநர் டி.ஆர். கார்த்திகேயனும். ராஜீவ் கொலை வழக்கின் சிறப்புப் புலனாய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்த அதே கார்த்திகேயன்தான். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இது போலீஸைக் கண்டாலே ஆகாதவர்கள் எழுதிய அறிக்கை இல்லை. போலீஸ் வேலையை உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

அறிக்கை 2022 ஜனவரியில் தாக்கலாகி, மே மாதம் வெளியே வந்தது. போலீஸ் சொன்ன கதையை நம்ப முடியாது, ஆயுதத்தைப் பிடுங்கினார்கள் என்பதும் சுட்டார்கள் என்பதும் நிரூபணமாகவில்லை, நான்கு பேரும் சாக வேண்டும் என்ற எண்ணத்தோடே வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்பது கமிஷனின் முடிவு. பத்துப் போலீஸார் மீது கொலைக் குற்றத்துக்காக விசாரணை நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. கும்பல் சேர்ந்து அடித்துக் கொல்வதை எப்படி ஏற்க முடியாதோ அப்படியே உடனடி நீதியையும் ஏற்க முடியாது என்றும் எழுதியது. இன்னொன்றும் இருந்தது, அதைப் பற்றி ஊரில் யாரும் அதிகம் பேசவில்லை. சுடப்பட்ட நான்கு பேரில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயது நிரம்பாதவர்கள் என்றது கமிஷன். பள்ளிக்கூடப் பதிவேடு இருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்த வயது விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் அவசரம் எதையெல்லாம் விழுங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. எதிரிக்கு வயது என்ன என்பது ரிமாண்ட் அன்றே கேட்க வேண்டிய கேள்வி. பார்த்தால் சின்னப் பையனாகத் தெரிந்தால் மாஜிஸ்திரேட் ஒரு வார்த்தை கேட்பார், நாங்களும் எழுந்து சொல்வோம், பள்ளி மாற்றுச் சான்றிதழ் வரும். 16 வயதைத் தாண்டியவன் கொடூரமான குற்றம் செய்திருந்தால் இளைஞர் நீதிச் சட்டப்படி அவனைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்க வழியிருக்கிறது. ஆனால் தூக்குத் தண்டனை கொடுக்க எந்த நீதிமன்றத்துக்கும் அதிகாரம் இல்லை. கமிஷன் சொன்ன வயது சரி என்றால், அந்த மூன்று பேருக்கும் இந்த நாட்டின் எந்த நீதிபதியும் கொடுக்க முடியாத தண்டனையை அந்த விடியற்காலை கொடுத்தாயிற்று. “அதனால்தான் சுட்டது நல்லதாகப் போயிற்று” என்று உங்களில் சிலர் சொல்லலாம். சொல்லுங்கள், அந்தச் சட்டத்தை மாற்றக் கேட்கிற உரிமையும் உங்களுக்கு உண்டு. மாற்றுகிற இடம் நாடாளுமன்றம்.

‘செத்தவர்கள் குற்றவாளிகள்தானே’ என்பதற்கு வருகிறேன். இருக்கலாம். அறிவியல் ஆதாரம் இருக்கிறது என்று போலீஸ் சொன்னது, அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஆதாரத்தைக் குறுக்கு விசாரணை செய்து பார்த்த ஒருவரும் இல்லை. கமிஷன் ஆராய்ந்தது நான்கு பேரின் சாவைத்தான். அந்தப் பெண்ணின் கொலையை அல்ல. எதிரிகளே செத்துவிட்டால் வழக்கு அற்றுப்போகும். அதனால் அந்த இரவில் யார் என்ன செய்தார்கள், நான்கு பேருக்கும் சம பங்கா, வேறு யாராவது இருந்தார்களா என்ற கேள்விகளுக்கு ஒரு நீதிமன்றத்தின் பதில் இனி வரவே வராது. அந்தப் பெண்ணைப் பெற்றவர்களுக்கும் வராது.

பத்து வருடம் இழுத்திருக்கும் என்பது நியாயமான கோபம். எங்கள் கோர்ட்டுகளில் நடக்கும் வாய்தாக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கே அலுத்துவிட்டது. ஆனால் இந்த வழக்கில் அப்படித்தான் ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அதே மாநிலத்தில், அதே வாரத்தில் இன்னொரு வழக்கு இருக்கிறது. 2019 நவம்பர் 24, அதாவது இந்தச் சம்பவத்துக்கு மூன்று நாள் முன்பு, ஆசிபாபாத் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். ஊர் ஊராகப் போய்ச் சில்லறைச் சாமான் விற்றுப் பிழைத்தவர். மூன்று பேர் கைதானார்கள். டிசம்பரில் குற்றப்பத்திரிகை, ஆதிலாபாத்தில் சிறப்பு நீதிமன்றம், 2020 ஜனவரி 30-இல் மூன்று பேருக்கும் தூக்கு என்று தீர்ப்பு. மேல்முறையீடு வேறு விஷயம்; ஆனால் சாட்சிகளை விசாரித்து ஒரு நீதிபதி தீர்ப்பு எழுத ஆன காலம் சுமார் இரண்டு மாதம். 2019 ஜூனில் ஹன்மகொண்டாவில் ஒன்பது மாதக் குழந்தையைக் கொன்றவனுக்கும் ஆகஸ்டிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. தூக்கு என்றது விசாரணை நீதிமன்றம், ஆயுள் என்று மாற்றியது உயர் நீதிமன்றம். அவ்வளவு வேகமும் நல்லதா என்பது தனிக் கேள்வி, எனக்கு அதில் தயக்கம் உண்டு. ஆனால் அரசு மனது வைத்தால் தெலங்கானாவில் அன்று விசாரணை எவ்வளவு சீக்கிரம் முடிந்தது என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

தாமதம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க டெல்லி நிர்பயா வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பவம் 2012 டிசம்பர். விசாரணை நீதிமன்றம் 2013 செப்டம்பரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உயர் நீதிமன்றம் 2014 மார்ச்சில் உறுதி செய்தது. ஒன்றேகால் வருடத்தில் இரண்டு கட்டம் முடிந்தாயிற்று. அதற்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் மூன்று வருடம், சீராய்வு மனு, கருணை மனு என்று மேலும் கிட்டத்தட்ட மூன்று வருடம். தூக்கில் போட்டது 2020 மார்ச்சில். இந்த இழுபறியைச் சரி செய்வது நிர்வாக வேலை: அமர்வுகளை ஒதுக்குவது, மனுக்களுக்குக் கெடு வைப்பது, தடயவியல் ஆய்வகங்களில் ஆள் போடுவது. இதற்கெல்லாம் யாரும் ஊர்வலம் போவதில்லை.

ஹைதராபாத்தில் மக்கள் கோபத்துக்கு இன்னொரு இலக்கும் இருந்தது. அன்று இரவு குடும்பத்தார் பதறிப்போய் ஸ்டேஷனுக்கு ஓடியபோது, இது எங்கள் எல்லையில் வராது என்று அலைக்கழித்தார்கள் என்பது புகார். அதற்காக மூன்று போலீஸார் சஸ்பெண்ட் ஆனார்கள். எல்லை எதுவானாலும் எஃப்.ஐ.ஆரைப் போட்டுவிட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்பு என்பது அப்போதே இருந்த விதி. நவம்பர் கடைசியில் பத்திரிகைகள் முழுக்க இந்தக் கேள்விதான் இருந்தது. டிசம்பர் 6-க்குப் பிறகு அதை யாரும் கேட்கவில்லை. ஒரு வாரத்துக்கு முன் திட்டு வாங்கிய போலீஸை மக்கள் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வேண்டுமென்றே திட்டம் போட்டு இப்படிச் செய்தார்கள் என்று என்னால் சொல்ல முடியாது. விளைவு அப்படித்தான் ஆனது.

இப்போது கொலை வழக்கு ஏன் என்பது. தற்காப்புக்காகக் கொல்லும் உரிமை போலீஸுக்கு உண்டா என்றால் உண்டு. உங்களுக்கும் எனக்கும் இருக்கிற அதே உரிமைதான். உங்கள் வீட்டுக்குள் கத்தியோடு புகுந்தவனை நீங்கள் அடித்துக் கொன்றுவிட்டால் என்ன ஆகும்? எஃப்.ஐ.ஆர். வரும், விசாரணை வரும், தற்காப்புதான் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். நிரூபித்தால் விடுதலை. நான் இப்படி ஆட்களுக்காக வாதாடியிருக்கிறேன், தற்காப்பு என்று சொன்ன அன்றே எந்த இன்ஸ்பெக்டரும் கோப்பை மூடிவிடுவதில்லை. என்கவுன்டரில் மட்டும் இது தலைகீழாகிறது. எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் செத்தவர் பேரில் போடப்படுகிறது, கொலை முயற்சி என்று. எதிரி இறந்துவிட்டதால் கோப்பு மூடப்படுகிறது. சுட்டவரின் தற்காப்பு வாதத்தைச் சுட்டவரின் இலாகாவே கேட்டு ஏற்றுக்கொள்கிறது. ஹைதராபாத்திலும் முதலில் போட்டது இறந்த நான்கு பேர் மீதான எஃப்.ஐ.ஆர்.தான்.

இதற்காகத்தான் 2014 செப்டம்பரில் பி.யு.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் பதினாறு விதிகளை வகுத்தது. அத்தனையும் சொல்லப் போவதில்லை, முதுகெலும்பானவை மட்டும். என்கவுன்டரில் மரணம் என்றால் விசாரணையை சிஐடியோ வேறு ஸ்டேஷன் குழுவோ செய்ய வேண்டும், அதை மேற்பார்க்கும் அதிகாரி சுட்ட குழுவின் தலைவரைவிட ஒரு படியாவது மேலே இருக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை கட்டாயம். சுட்ட ஆயுதங்களைத் தடயவியலுக்கு ஒப்படைக்க வேண்டும். வீரம் சந்தேகமில்லாமல் நிரூபணமாகும்வரை பதக்கமோ முறை மீறிய பதவி உயர்வோ கூடாது. கடைசியாகச் சொன்ன விதியை எழுதிய கை அனுபவப்பட்ட கை. என்கவுன்டர் பட்டியலைக் காட்டிப் பதவி ஏறியவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

விதிகள் இருந்தும் தண்டனை அபூர்வம். நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 2006 நவம்பரில் மும்பையில் லக்கன் பையா என்பவர் என்கவுன்டரில் இறந்தார் என்று அறிவித்தார்கள். ஆனால் அவரை மஃப்டி போலீஸ் தூக்கிப்போன செய்தி கிடைத்ததுமே, சாவதற்கு முன்னாலேயே, வழக்கறிஞரான அவருடைய சகோதரர் அதிகாரிகளுக்குத் தந்தியும் ஃபேக்ஸும் அனுப்பிவிட்டார். அந்தக் காகிதங்களில் நேரம் இருந்தது. அதுதான் போலீஸ் கதையை உடைத்தது. கூடவே பிடிக்கப்பட்ட முக்கிய சாட்சி, கோர்ட்டில் சாட்சி சொல்வதற்குச் சற்று முன் கொலை செய்யப்பட்டார். 2013-இல் பதின்மூன்று போலீஸாருக்குத் தண்டனை. முதலில் விடுதலையான பிரபல ‘என்கவுன்டர்’ அதிகாரிக்கு பாம்பே உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது 2024 மார்ச்சில். பதினேழு வருடத்துக்கும் மேல். சட்டம் மெதுவாக நடக்கிறது என்பவர்கள் இந்த மெதுவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அண்ணனோ தம்பியோ வக்கீலாக இல்லாத குடும்பத்தின் கதி என்ன என்பதையும் யோசியுங்கள்.

ஹைதராபாத் பத்துப் பேர் மீது இன்னும் விசாரணை நடக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அறிக்கையைத் தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பியது. தங்கள் தரப்பை முறையாகக் கேட்காமல் கமிஷன் பாதகமாக எழுதிவிட்டது என்று அதிகாரிகள் அங்கே முறையிட்டார்கள். 2024 மே மாதம் அறிக்கையின் பேரில் நடவடிக்கை எடுக்க உயர் நீதிமன்றம் தடை விதித்தது. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. கமிஷன் அறிக்கை தீர்ப்பு அல்ல. அந்தப் பத்துப் பேரும் சட்டத்தின் பார்வையில் இன்றும் நிரபராதிகள்தான். நோட்டீஸ், வக்கீல், குறுக்கு விசாரணை, மேல்முறையீடு எல்லாம் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். அவர்கள் கேட்பதும் அதைத்தான்.

‘உன் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இப்படிப் பேசுவாயா’ என்று கீழே யாராவது கேட்பீர்கள். பேச மாட்டேனாக இருக்கும். பாதிக்கப்பட்டவரின் தகப்பன் பழிவாங்க நினைப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. அதனால்தான் வழக்கை அவர் கையில் கொடுக்காமல் அரசு எடுத்துக்கொள்கிறது. ஆனால் சுட்டவர்கள் தகப்பன்மார் இல்லையே, சம்பளம் வாங்குகிற அரசு ஊழியர்கள். நம் ஊரில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ மாவுக்கட்டோடு வருகிற ரவுடியின் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறோம், நானும் சிரித்திருக்கிறேன். அந்த பாத்ரூமுக்குள் அடுத்து யார் போவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை. 2020-இல் சாத்தான்குளத்தில் போனவர்கள் செல்போன் கடைக்காரரும் அவர் அப்பாவும். கடையை நேரத்துக்கு மூடவில்லை என்பதுதான் அவர்கள் மேல் சொல்லப்பட்ட குற்றம்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது, செத்தவர் மேல் எத்தனை வழக்கு என்பதைத்தான் முதலில் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு நான் தேடுவது வேறு. எஃப்.ஐ.ஆர். யார் பேரில் போட்டிருக்கிறார்கள்? விசாரிப்பது அதே கமிஷனரேட்டா, வேறு அமைப்பா? போலீஸுக்கு என்ன காயம், எந்த ஆஸ்பத்திரி, எந்த நேரத்தில் அனுமதி? பிடுங்கியதாகச் சொல்லும் துப்பாக்கியில் கைரேகை எடுத்தார்களா, செத்தவரின் கையில் வெடிமருந்துத் துகள் பரிசோதனை செய்தார்களா? குண்டு எந்தத் தூரத்திலிருந்து பாய்ந்தது என்று பிரேதப் பரிசோதனை சொல்கிறது. தோலில் கருகல் இருந்தால் கிட்டத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுத்தார்களா, உடலை எரிப்பதற்கு முன் குடும்பத்துக்கு அறிக்கை கொடுத்தார்களா? புதைத்திருந்தால் தோண்டியாவது பார்க்கலாம். அதனால் குடும்பத்தார் யாராவது இரவில் போன் செய்தால், விவாதத்துக்கெல்லாம் போகாமல் நான் முதலில் சொல்வது இதுதான்: உடலை எரிக்கச் சம்மதிக்காதீர்கள், காலையில் முதல் வேலையாக உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுவோம்.